வளைவும் மீதியும்: டெய்லர் தொடரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பௌதிகப் பரிசோதனைச் சாலையில் தனி ஊசலை ஆடவிட்டு அதன் அலைவு நேரத்தை அளக்கப் புகும் மாணாக்கனுக்கு ஆசிரியர் முதன்முதலாகக் கூறும் எச்சரிக்கை, குண்டை மிகுதியாக இழுத்து விடாதே, வீச்சு சிறிதாகவே இருக்கட்டும் என்பதாகும். அம்மாணாக்கனும் தலையசைத்துவிட்டு, குண்டைச் சிறிதே இழுத்துவிட்டு, இருபது அலைவுகளை எண்ணி, T = 2π√(L/g) என்னும் சூத்திரத்தில் எண்களை இட்டு g-யின் மதிப்பைக் கண்டு நோட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றுவிடுகிறான். ஆனால் ‘சிறிது’ என்பது எவ்வளவு, 5 பாகையா, 10 பாகையா, 20 பாகையா, அந்த எல்லையைத் தாண்டினால் விடையில் எத்தனை பிழை நேரும் என்னும் கேள்விகளை அவன் கேட்பதுமில்லை. செய்முறைக் கையேடு அவற்றுக்கு விடை கூறுவதுமில்லை. பொறியியல் வகுப்பில் டெய்லர் தொடர் என்ற பெயரில் கற்பிக்கப்படும் விஷயம் முழுவதும், நுணுகிப் பார்த்தால், இந்த ஒரு கேள்விக்கு விடையே ஆகும். வளைந்து செல்லும் ஒரு சார்பின் ஸ்தானத்தில் எளிய பல்லுறுப்புக் கோவை ஒன்றை வைக்கலாம் என்பது அத்தொடரின் பாதிப் பொருள். அப்படி வைத்ததனால் இழந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும் என்பது மறுபாதி. முதற் பாதியை மாத்திரம் கற்றுப் பரீட்சையில் தேறிவிடுவோர் பலர். இக்கட்டுரை இரண்டாம் பாதியையே பெரிதும் நாடிச் செல்வது. சைன் சார்பை முதல் உதாரணமாகக் கொண்டு அதனை ஆராய்வோம்.

1. கோவை அமையும் விதம்

ஊசல் சாய்ந்திருக்கும் கோணம் θ ஆனால், அதனை நடுநிலைக்கு இழுக்கும் விசை sin θ-க்கு நேர்விகிதமாக இருக்கிறது. θ என்பது கூட்டலும் பெருக்கலும் மட்டும் அறிந்தவனுக்கும் எட்டுகின்ற பொருள். sin θ அப்படியன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றைக் கொண்டே மதிப்பைக் கண்டுவிடத்தக்க சார்பு பல்லுறுப்புக் கோவை ஒன்றே என்பதால், சைனைப் போலவே நடந்துகொள்ளும் பல்லுறுப்புக் கோவை ஒன்றை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இயல்பாக எழுகிறது.

போலவே நடந்துகொள்வது என்பதற்கு டெய்லர் முறையில் ஒரு திட்டமான லட்சணம் உண்டு. ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு, அப்புள்ளியில் இரண்டின் மதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டின் சரிவும் ஒன்றாக இருக்கவேண்டும். சரிவு மாறுகின்ற வேகமும், அவ்வேகம் மாறுகின்ற வேகமும், இவ்வாறே நாம் விரும்பும் வரையில் எல்லா வகைக்கெழுக்களும் ஒன்றாக இருக்கவேண்டும். சைனுக்கு 0 என்னும் புள்ளியைத் தேர்ந்தால், அங்கே அதன் மதிப்பு 0, முதல் வகைக்கெழு 1, இரண்டாவது 0, மூன்றாவது −1. பிறகு இந்நான்கு எண்களே மீண்டும் மீண்டும் சுழன்று வருகின்றன. இப்போது கோவையில் x³-க்கு என்ன கெழு இடுவது என்று பார்ப்போம். x³ என்பதை மூன்று முறை வகையிட்டால் 3 × 2 × 1, அதாவது 6 கிடைக்கிறது. நமக்கு வேண்டியதோ −1. ஆகவே கெழு −1/6 என்று தானாகவே நிர்ணயமாகிவிடுகிறது. சூத்திரத்தைப் பார்த்தவுடன் மாணாக்கரை மருட்டும் தொடர்பெருக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதுவே காரணம்: வகையிடுதல் ஒவ்வொரு படியிலும் கீழே கொண்டுவரும் எண்களை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவே. இவ்வழியில் கிடைப்பது,

sin x = x − x³/3! + x⁵/5! − x⁷/7! + …

என்னும் தொடர். a என்னும் எப்புள்ளியைத் தேர்ந்தாலும் பொருந்தக்கூடிய பொதுவடிவம்,

f(x) = f(a) + f′(a)(x−a) + f″(a)(x−a)²/2! + …

என்பதாகும். இதன் முதல் இரண்டு உறுப்புகளோடு நின்றால் தொடுகோடு. மூன்றாவதையும் சேர்த்தால் அப்புள்ளியில் வளைவைத் தழுவிச் செல்லும் ஒரு பரவளைவு. இங்கே மனத்தில் இருத்தவேண்டியது ஒன்றுண்டு. தொடரை ஆக்குவதற்கு நாம் பயன்படுத்திய செய்தி அனைத்தும் a என்னும் ஒரே புள்ளியில் திரட்டியது. அப்புள்ளியைவிட்டு அகன்று செல்லச் செல்ல அச்செய்தியின் பிரமாணம் எவ்வளவு செல்லும் என்பது தொடரின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்லத்தக்கதன்று.

ஒரு நடைமுறைப் பிழையையும் இங்கேயே சுட்டிவிடலாம். சைனின் வகைக்கெழு கொசைன் என்பது கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டுமே உண்மை. ஆதலால் மேற்கண்ட தொடரில் பாகையை அப்படியே இடுதல் கூடாது. 20 பாகைக்கு x-ஆக 20 என்றே இட்டவன், இரண்டாம் உறுப்பாக −1333 வருவதைக் கண்டதுமே தன் பிழையை உணர்ந்துகொள்ள வேண்டும்.

2. தொடரின் பூர்விகம்

புரூக் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1715-இல் வெளியிட்ட நூலில் இப்பொதுவடிவம் காணப்படுவதால் இது அவர் பெயரைப் பெற்றது. ஆயினும் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி 1671-ஆம் ஆண்டிலேயே இத்தகைய தொடர்கள் பலவற்றைத் தம் கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர், கேரள தேசத்துச் சங்கமக் கிராமத்து மாதவர் சைன், கொசைன், தலைகீழ் டேஞ்சென்ட் ஆகிய மூன்றின் தொடர்களையும் கண்டிருந்தார் என்பது அவருடைய சிஷ்ய பரம்பரையின் நூல்களால் தெரியவருகிறது. அவற்றுள் 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாள மொழியில் எழுதிய ‘யுக்திபாஷை’ முக்கியமானது. முடிவைச் சூத்திரமாகக் கூறுவதோடு நில்லாமல் அதற்குரிய யுக்தியையும், அதாவது நிரூபணத்தையும், வட்ட வில்லை நுண்ணிய கூறுகளாக்கிக் கூட்டிக் காட்டும் முறையால் அந்நூல் விளக்குகிறது.

டெய்லர் தம் நூலில் கேளாத ஒரு கேள்வியை, தொடரை இடையில் நிறுத்தினால் விட்டுப்போனது எவ்வளவு என்னும் கேள்வியை, எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு திட்டமான வடிவம் தந்தவர் லக்ராஞ்சு. அவருடைய நூல் வெளிவந்தது 1797-இல். பொறியாளனுக்கு டெய்லரைவிட லக்ராஞ்சே அதிகம் பயன்படுபவர் என்று கூறினும் மிகையாகாது.

3. மீதி உறுப்பு

லக்ராஞ்சு கூறியது இது. n-ஆம் படியோடு தொடரை நிறுத்தினால், விட்டுப்போன மீதி முழுவதும்,

f⁽ⁿ⁺¹⁾(c) (x−a)ⁿ⁺¹/(n+1)!

என்னும் ஒரே உறுப்புக்குச் சமம். இங்கே c என்பது a-க்கும் x-க்கும் இடையில் எங்கேயோ உள்ள ஒரு புள்ளி. அப்புள்ளி எது என்று நமக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமுமில்லை. அவ்விடைவெளியில் அந்த வகைக்கெழு எவ்வளவு பெரிதாக ஆகக்கூடும் என்பது தெரிந்தால், மீதி இதற்கு மேல் போகாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். கடன்காரன் எங்கே இருக்கிறான் என்று தெரியாவிட்டாலும், அவன் தரவேண்டியது இவ்வளவுக்கு மேற்படாது என்று கணக்கில் எழுதி வைப்பதைப் போன்றது இது.

சைனுக்கு இக்கணக்கு மிகவும் எளிது. அதன் வகைக்கெழுக்கள் எல்லாமே சைனாகவோ கொசைனாகவோ இருப்பதால் எதன் எண்ணளவும் 1-ஐ மிஞ்சாது. மேலும் இரட்டைப் படிகளின் கெழுக்கள் 0 ஆதலால், x-ஓடு நின்றவன் இரண்டாம் படிவரை சென்றவனே ஆகிறான். அவனுடைய பிழை x³/6-க்கு மேற்படாது. x − x³/6 வரை சென்றவனுடைய பிழை x⁵/120-க்கு மேற்படாது.

20 பாகையை எடுத்துப் பார்ப்போம். ரேடியனில் அது 0.3491. இந்த எண்ணையே சைனின் மதிப்பாகக் கொண்டால், உண்மை மதிப்பு 0.3420 ஆதலால் பிழை 0.0071, மீதி உறுப்பு விதித்த எல்லையும் 0.0071 தான். இரண்டாம் உறுப்பையும் சேர்த்தால் 0.34198 கிடைக்கிறது, பிழை 0.00004 அளவிற்கு இறங்கிவிடுகிறது. உண்மை மதிப்பைத் தேடி அட்டவணையைப் புரட்டாமலே, இரண்டாம் முறை கண்ட விடை நான்கு தசம ஸ்தானம் வரை நம்பத்தக்கது என்று நாம் அறிந்திருந்தோம் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

4. ஊசலுக்குத் திரும்புவோம்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. sin θ-வின் ஸ்தானத்தில் θ-வை வைத்தால் ஊசலின் இயக்கம் எளிய சீரிசை இயக்கமாகி, அலைவு நேரம் வீச்சைச் சாராத T = 2π√(L/g) என்று வந்துவிடுகிறது. விட்டுவிட்ட θ³/6 என்னும் உறுப்பையும் சேர்த்துக்கொண்டு கணக்கிட்டால், உண்மையான அலைவு நேரம் அதனைப்போல் ஏறத்தாழ 1 + θ₀²/16 மடங்கு என்று தெரியவருகிறது. θ₀ என்பது ரேடியனில் அளந்த வீச்சு.

வீச்சு 20 பாகையானால் இத்திருத்தம் 0.0076, அதாவது நூற்றுக்கு முக்கால் பங்கு. அதே 20 பாகையில் விசையின் பிழை 0.3420-க்கு 0.0071, அதாவது நூற்றுக்கு இரண்டாக இருந்தது. விசையில் இரண்டாக இருந்தது நேரத்தில் முக்காலாகக் குறைந்த காரணம், ஊசல் தன் பிரயாணத்தின் கோடியில்தான் 20 பாகையை அடைகிறது என்பதும், மற்ற வேளைகளில் அதைவிடச் சிறிய கோணங்களில், அதாவது தோராயம் நன்றாகப் பொருந்தும் இடங்களில், சஞ்சரிக்கிறது என்பதும், அலைவு நேரம் விசையின் வர்க்கமூலத்தையே சார்ந்தது என்பதும் ஆகும். சூத்திரத்தில் நேர்ந்த பிழையும் அதிலிருந்து பெற்ற விடையில் நேரும் பிழையும் ஒரே அளவாக இருக்கவேண்டிய நியதி இல்லை. சில பிரச்சினைகளில் விடையில் குறைகிறது, சிலவற்றில் வளர்ந்துவிடுகிறது. ஆதலின் இரண்டாவதைத் தனியே கணக்கிட்டுத்தான் தீரவேண்டும்.

முக்கால் பங்கு என்பது பரிசோதனைச் சாலையில் நிறுத்து கடிகாரம் பிடிக்கும் மாணாக்கனுடைய கைத் தாமதத்தில் ஒருவாறு மறைந்துவிடக்கூடும். ஆனால் ஊசல் கடிகாரம் செய்பவனுக்கு அது மறையாது. ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருப்பதால், 20 பாகை வீச்சில் திருத்தம் ஏறத்தாழ 11 நிமிஷமாகும். 5 பாகையில் அது 41 வினாடி. வீச்சு என்றும் மாறாமல் இருக்குமாயின் ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்து இதனைச் சரிக்கட்டிவிடலாம். தொல்லை என்னவெனில், எண்ணெய் தடித்து உராய்வு மிகும்போது வீச்சே மாறிவிடுகிறது. 5 பாகை வீச்சு 4 பாகையாகக் குறைந்தால் திருத்தம் 41 வினாடியிலிருந்து 26 வினாடியாகிக் கடிகாரம் நாளொன்றுக்கு 15 வினாடி விரைந்து ஓடும். ஹைகன்ஸ் 1673-இல் வெளியிட்ட நூலில், ஊசல் தொங்கும் இழையின் இருபுறமும் வளைந்த தகடுகளை வைத்துக் குண்டை வட்ட வில்லில் அன்றிச் சைக்ளாய்டு என்னும் வளைகோட்டில் ஆடச் செய்து இப்பிழையை அடியோடு ஒழிக்க முயன்றதை விவரித்தார். பிற்காலத்துக் கடிகாரக்காரர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். ஊசல் சில பாகைகளே ஆடினாற் போதும் என்னும்படியான நங்கூர அமைப்பைப் பயன்படுத்தி, θ₀²-ஐயே அற்பமாக்கிவிட்டனர்.

θ₀²/16 என்பதும் ஒரு தோராயமே. அதற்கு அடுத்த உறுப்பு 11θ₀⁴/3072. 20 பாகையில் இது நாளொன்றுக்கு 5 வினாடிக்கும் குறைவு, ஆதலால் முதல் திருத்தம் நம்பத்தக்கது. ஆனால் வீச்சை 90 பாகையாக்கினால், முதல் திருத்தம் நூற்றுக்கு 15.4 என்று சொல்ல, உண்மையோ 18 ஆக இருக்கிறது. அடுத்த உறுப்பைக் கணித்துப் பார்ப்பவன் இந்த ஏமாற்றத்திற்கு ஆளாவதில்லை.

5. குவிந்தும் பயன்படாத தொடர்

சைனின் தொடர் x-இன் எம்மதிப்பிற்கும் குவியும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அவ்வாறாயின் 20 ரேடியனுக்கும் அதனைப் பிரயோகிக்கலாமே என்று ஒருவன் கருதினால், அவன் படும் பாட்டைக் காண்போம். உறுப்புகள் முதலில் சிறுத்துப் போவதற்குப் பதிலாகப் பெருத்துக்கொண்டே போகின்றன. 19-ஆம் படி உறுப்பு 4 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதன் பின்னர் இறங்கத் தொடங்கினாலும், 51-ஆம் படி உறுப்புகூட இன்னும் 1-ஐ விடப் பெரிதாகவே நிற்கிறது. இறுதியில் வரவேண்டிய விடையோ 0.9129.

கோடிக்கணக்கான எண்களைக் கூட்டியும் கழித்தும் ஒன்றுக்கும் குறைந்த விடையைப் பெறவேண்டியிருக்கிறது. ஏழு இலக்கங்களே வைத்துக் கணக்கிடும் யந்திரத்தில் 4 கோடி என்னும் எண்ணின் கடைசி நிச்சய இலக்கம் பத்தின் ஸ்தானத்தில் நிற்கிறது. அதற்குக் கீழுள்ளது அனைத்தும் முழுதாக்கலில் அழிந்துபோயிற்று. அத்தகைய எண்கள் ஒன்றையொன்று அழித்தபின் மிஞ்சுவது சைனின் மதிப்பன்று, முழுதாக்கற் பிழைகளின் கூட்டமே. சைன் என்று சொல்லிக்கொண்டு 1-க்கு மேற்பட்ட எண் வெளிவந்தால், இந்நோய்க்கு அதுவே தெளிவான அடையாளம். அவ்வளவு தெளிவாக வெளிப்படாத வேளைகளில், இடையில் தோன்றிய மிகப் பெரிய உறுப்பை இறுதி விடையோடு ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை இலக்கங்கள் பறிபோயின என்று மதிப்பிடலாம்.

பரிகாரம் எளிது. 20-இலிருந்து 6π-யைக் கழித்தால் 1.1504 மிஞ்சும், சைனுக்கு இரண்டும் ஒன்றே. 1.1504-க்கு நான்கைந்து உறுப்புகளே போதும். தொடரைத் தூரத்துப் புள்ளிக்குக் கொண்டுபோவதைவிட, சார்பின் இயல்பைப் பயன்படுத்தி வினாவைத் தொடரின் அருகே கொண்டுவருவதே புத்திசாலித்தனம் என்பது இதனால் பெறப்படுகிறது.

6. எல்லை கடந்தால் குவியாத தொடர்

சைனுக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம், எங்கும் குவிதல் என்னும் பாக்கியம், எல்லாச் சார்புகளுக்கும் கிடைப்பதன்று. மாதவர் கண்ட மற்றொரு தொடராகிய

tan⁻¹x = x − x³/3 + x⁵/5 − …

என்பதில் தொடர்பெருக்கங்கள் இல்லை. ஆதலால் x-இன் எண்ணளவு 1-ஐத் தாண்டிய மாத்திரத்தில் உறுப்புகள் பெருகத் தொடங்கி, எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் பயனில்லாமற் போகிறது. வரைபடத்தைப் பார்த்தாலோ, 1 என்னும் இடத்தில் அச்சார்பில் யாதொரு முறிவும் இல்லை. காரணம் மெய்யெண் கோட்டில் இல்லை, கலப்பெண் தளத்தில் இருக்கிறது: இச்சார்பின் வகைக்கெழுவாகிய 1/(1+x²) என்பது x² = −1 ஆகும் கற்பனைப் புள்ளிகளில் முடிவிலியாகிவிடுகிறது; அப்புள்ளிகள் 0-விலிருந்து சரியாக 1 தூரத்தில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடை கண்ணுக்குத் தெரியும் கோட்டிலும் எல்லையிட்டுவிடுகிறது.

எல்லையின் விளிம்பிலேயே, x = 1 என்று இட்டால், தொடர் π/4-ஐத் தருகிறது; ஆனால் அதன் நடை ஆமை நடை. 50 உறுப்புகளைக் கூட்டினாலும் π-யின் மதிப்பில் ஏறத்தாழ 0.02 பிழை எஞ்சுகிறது. மாதவரின் பரம்பரையார் இதனை நன்குணர்ந்து இருவகைப் பரிகாரம் கண்டனர்: ஒன்று, நிறுத்திய இடத்தில் மீதிக்கு ஈடாக ஒரு திருத்த உறுப்பைச் சேர்ப்பது, மற்றொன்று, 1-க்குப் பதிலாக 30 பாகையின் டேஞ்சென்டாகிய 1/√3-ஐ இட்டு, ஒவ்வோர் உறுப்பும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழாக இறங்குமாறு செய்வது. 3.14159265359 என்னும் அளவுக்கு நுட்பமான மதிப்பு மாதவருடையதாக வழங்கி வருகிறது. மீதியை எண்ணிப் பார்த்தல் ஐரோப்பாவில் லக்ராஞ்சுக்குப் பிறகே ஒழுங்கு பெற்றதாயினும், இத்தேசத்தில் அவ்வெண்ணம் தொடரோடு கூடவே பிறந்துவிட்டது என்று இதனால் அறியலாம்.

இன்னொரு விசித்திரத்தையும் சுருங்கச் சொல்லி அப்பால் செல்லலாம். 0-வில் 0 என்றும் மற்ற இடங்களில் e^(−1/x²) என்றும் வரையறுத்த சார்புக்கு, 0-வில் எல்லா வகைக்கெழுக்களும் 0 ஆகின்றன என்று கோஷி காட்டினார். அதன் டெய்லர் தொடர் எங்கும் குவிகிறது. ஆனால் குவிவது 0-வுக்கு, சார்புக்கன்று. தொடர் குவிகிறதா என்பது ஒரு கேள்வி, மீதி 0-வை நாடுகிறதா என்பது வேறு கேள்வி. பொறியாளனுக்கு வேண்டியது இரண்டாவது.

7. டெய்லர் கோவைதான் சிறந்ததா?

இறுதியாக ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. குறிப்பிட்ட படியில் அமையக்கூடிய கோவைகளுள் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால், டெய்லர் தருவதே அவற்றுள் சிறந்ததா? ஒரு புள்ளியின் அருகே மட்டும் பார்த்தால் ஆம். ஓர் இடைவெளி முழுவதையும் பார்த்தால் அல்ல. 0 முதல் 90 பாகை வரை சைனை மூன்றாம் படிக் கோவையால் மதிப்பிட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். டெய்லர் கோவையாகிய x − x³/6 தொடக்கத்தில் பிழையே இல்லாததுபோல் சென்று, 90 பாகையில் 1-க்குப் பதிலாக 0.925 என்று தருகிறது. பிழை முழுவதும் ஒரு கோடியில் குவிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 0.9855x − 0.1426x³ என்னும் கோவையை வைத்தால், பிழை அவ்விடைவெளியில் எங்குமே 0.005-ஐத் தாண்டுவதில்லை. 0-வின் அருகே டெய்லர் கோவையைவிட இது தாழ்ந்ததுதான். அங்கே சற்று விட்டுக்கொடுத்து, விளிம்பில் பதினைந்து மடங்கு லாபம் பெற்றிருக்கிறது. செபிஷேவ் தொடங்கிவைத்த இத்தகைய கோவைகளையே கணிப்பொறிகளின் சைன் நிரல்கள் பல பயன்படுத்துகின்றன: முதலில் கோணத்தைச் சிறிய இடைவெளிக்குள் சுருக்கிக்கொண்டு, பிறகு அவ்விடைவெளிக்கென்றே பிழையைப் பரப்பி அமைத்த கோவையைப் பிரயோகிப்பது அவற்றின் வழக்கம்.

ஆதலால் பொறியியல் மாணாக்கர், எங்கேனும் sin θ ≈ θ என்று எழுத நேரும்போதெல்லாம், பக்கத்திலேயே ‘பிழை θ³/6-க்கு மேற்படாது’ என்னும் வரியையும் எழுதி, தம் கணக்கில் வரக்கூடிய மிகப் பெரிய θ-வை அதில் இட்டு, கிடைக்கும் எண்ணைத் தம் அளவைக் கருவியின் நுட்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. ஊசலின் வீச்சு எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்று பின்னர் எவரையும் கேட்கவேண்டியதில்லை.